மூன்று வரைவுகள், ஒரு பலகை: ஓடும் வண்டிக்கு எதை எழுதுவது?

டர்பனிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பும் சாலையோரத்தில், ஒரு மசாலாக் கடைக்குத் தீபாவளியை ஒட்டி ஒரு விளம்பரப் பலகை வாடகைக்குக் கிடைத்தது. அகலம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர். தென்னாப்பிரிக்காவில் அதிகம் காணப்படும் அளவுகளில் ஒன்று. கடை ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கும் ஆளுக்கொரு வாசகம் தோன்றிவிட்டது. பலகைக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால், எதை ஏற்றலாம் என்று தீர்மானிக்கும் வேலை என்னிடம் வந்தது.

கடையை நடத்தும் அக்கா கொடுத்தது முதல் வரைவு. கடையின் பெயர், தொடங்கிய ஆண்டு, தீபாவளிச் சலுகை, ஆறு வகை மசாலாக்களின் பெயர், முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள், வாட்ஸ்அப் எண், கடை நேரம், மூலையில் ஒரு விநாயகர், இன்னொரு மூலையில் குத்துவிளக்கு. எல்லாம் ஆங்கிலத்தில்.

இரண்டாவது, அக்காவின் தம்பி மகன் எழுதியது. டர்பன் விக்டோரியா தெருச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே குவித்து வைத்திருக்கும் மிளகாய்த்தூள்களில் ஒன்றுக்கு மாமியாரை ஒழித்துக்கட்டும் தூள் என்று பொருள்படும் பெயர் உண்டு. அந்த வேடிக்கையை எடுத்துக்கொண்டு, 'மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. கீழே சிறியதாகக் கடைப் பெயர்.

மூன்றாவது பெரியவருடையது. அக்காவின் அப்பா தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்று தமிழ் எழுத்தில் மட்டும் எழுதி, அதற்குக் கீழே கடைப் பெயரையும் தமிழிலேயே போட வேண்டும் என்றார்.

மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த வாசகம் அழகு என்று பேசுவதற்கு முன்னால், ஓட்டுநருக்கு உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அது சாலையின் எந்தத் துண்டில் கிடைக்கிறது என்று அளந்துவிட வேண்டும். அதை அளந்த பிறகு பாதி வாதங்கள் தாமாகவே முடிந்துவிடும்.

மூன்று விநாடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது

இந்தச் சாலையில் வண்டிகள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 22 மீட்டர். பலகையைப் படிக்க ஓட்டுநருக்கு மூன்று விநாடி என்று வைத்துத்தான் நான் எழுதுவேன். அந்த மூன்று விநாடியில் வண்டி ஏறத்தாழ 67 மீட்டர் ஓடிவிடும். பலரும் இந்த 67 மீட்டரைப் பலகையின் காலடியிலிருந்து பின்னோக்கி அளக்கிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. பலகை சாலையின் நடுவில் நிற்பதில்லை. நாம் ஓட்டும் தடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி இடப்பக்கத்தில் நிற்கிறது. வண்டி நெருங்க நெருங்க அது பார்வையின் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. நேர்ப் பார்வையிலிருந்து 10 பாகைக்கு மேல் விலகிய ஒன்றைப் படிக்க வேண்டுமானால் சாலையை விட்டுக் கண்ணைத் திருப்ப வேண்டியிருக்கும். பொறுப்புள்ள ஓட்டுநர் அதைச் செய்ய மாட்டார். செய்யும்படி நாம் தூண்டவும் கூடாது. 15 மீட்டர் தள்ளி நிற்கும் பலகை 10 பாகை விலகலைத் தொடும் இடம், அதற்கு 85 மீட்டர் முன்னால். அதாவது பலகையை எட்ட இன்னும் 85 மீட்டர் இருக்கும்போதே படிக்கும் நேரம் முடிந்துவிடுகிறது.

அந்த 85 மீட்டரோடு மூன்று விநாடிக்கான 67 மீட்டரையும் கூட்டினால் ஏறத்தாழ 150 மீட்டர் வரும். ஆகவே 150 மீட்டர் தொலைவிலேயே எழுத்து தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். அமெரிக்கச் சாலைக் குறியீட்டு நடைமுறையில் ஓர் அளவுகோல் உண்டு: 30 அடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்து. நம் அளவில் சொன்னால், ஒரு சென்டிமீட்டர் உயர எழுத்தைச் சுமார் 3.6 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம். 150 மீட்டருக்கு 42 சென்டிமீட்டர் வேண்டும். அதுவும் சாலைக் குறியீட்டுக்கென்றே வடித்த, நெளிவில்லாத ஆங்கிலப் பெரிய எழுத்துக்குத்தான். கடைக்காரர்கள் விரும்பும் வளைந்த அலங்கார எழுத்துக்கு இது போதாது. நான் எப்போதும் 50 சென்டிமீட்டரிலிருந்துதான் தொடங்குவேன்.

3 மீட்டர் உயரப் பலகையில், மேலும் கீழும் இடைவெளியும் விட்டு, 50 சென்டிமீட்டர் எழுத்தில் எத்தனை வரி வரும்? மூன்று. நெருக்கினால் நான்கு, ஆனால் நெருக்கினால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். 6 மீட்டர் அகலத்தில் ஒரு வரிக்குச் சுமார் 15 ஆங்கில எழுத்துகள். இதிலேயே படத்துக்கும் இடம் ஒதுக்க வேண்டும். எனவே இந்தப் பலகையில் ஏறக்கூடியது ஏறத்தாழ 30 எழுத்துகள்தான். எழுதுகிறவரின் சிக்கன குணத்தால் வரும் வரம்பு அல்ல இது. பலகையின் அளவும் சாலையின் வேகமும் சேர்ந்து போடும் வரம்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று விநாடி என்றால் மூன்று விநாடியும் தொடர்ந்து பலகையையே பார்ப்பது அல்ல. அமெரிக்காவில் நூறு கார்களில் கேமரா பொருத்தி ஓட்டுநர்களைக் கவனித்த ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. சாலையை விட்டு மொத்தம் இரண்டு விநாடிக்கு மேல் கண் விலகும்போது விபத்தோ, விபத்தை ஒட்டிய நிலையோ ஏற்படும் ஆபத்து குறைந்தது இரண்டு மடங்காகிறது என்று அது காட்டியது. ஆகவே மூன்று விநாடிச் சாளரத்துக்குள் ஓட்டுநர் இரண்டு முறை கண்ணைத் தூக்கிப் பார்ப்பார், ஒவ்வொன்றும் ஒரு விநாடிக்கும் குறைவு. முதல் பார்வையில் ஒன்று பதிய வேண்டும், இரண்டாவதில் இன்னொன்று. மூன்றாவது விஷயத்துக்கு அங்கே இடமில்லை.

அக்காவின் வரைவு

இந்தக் கணக்கை முதல் வரைவின் மேல் வைத்துப் பார்த்தால், அதில் 15 வரிகள் இருக்கின்றன. 3 மீட்டரை 15 ஆகப் பிரித்தால் வரிக்கு 20 சென்டிமீட்டர். இடைவெளி போக எழுத்து 12 சென்டிமீட்டர். அது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வண்டி 43 மீட்டருக்குள் வர வேண்டும். ஆனால் படிக்கும் நேரம் 85 மீட்டரிலேயே முடிந்துவிட்டது. மசாலா வகைகள், முகவரி, எண்கள் எல்லாம் தெளிவாகும் கணத்தில் பலகை பக்கவாட்டுக்கு ஒதுங்கிவிடும். அடுத்த இரண்டு விநாடிக்குள் வண்டி அதைக் கடந்துவிடும். கடைப் பெயரை மட்டும் 30 சென்டிமீட்டரில் போட்டிருந்தார்கள். அதற்குக் கிடைப்பது ஒரு விநாடி.

அக்காவிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, வாடகை முழுப் பலகைக்கும்தானே கொடுக்கிறேன், பாதியைச் சும்மா விட வேண்டுமா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. வாடகை சதுர மீட்டருக்குத்தான். ஆனால் அந்தச் சதுர மீட்டர்களில் சிலவற்றை வெறுமையாக விடுவதால்தான் மற்றவை படிக்கக் கிடைக்கின்றன. எழுத்தைச் சுற்றி வெற்றிடம் இல்லையென்றால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எழுத்தின் விளிம்பு பிரிந்து தெரியாது.

வெட்டும் வேலையை நான் எப்போதும் எண்களில் தொடங்குவேன். இங்கே கைபேசி எண்ணுக்குப் பத்து இலக்கம். பலகையில் மூன்று எண்கள், ஆகவே முப்பது இலக்கம். ஓடும் வண்டியில் ஒரே பார்வையில் பத்து இலக்கத்தை யாரும் மனதில் ஏற்றிக்கொள்ள முடியாது. அதை எழுதிக்கொள்ளவும் முடியாது. ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுப்பது இந்த நாட்டில் குற்றம். இதே காரணத்தால் கியூஆர் குறியீடும் நெடுஞ்சாலைப் பலகைக்கு உதவாது. எண் செய்ய வேண்டிய வேலையைக் கடைப் பெயர் செய்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பெயரைத் தேடினால் எண், நேரம், முகவரி எல்லாம் கிடைக்கும். எனவே பெயர் தெளிவாகப் பதிந்தால் அந்த முப்பது இலக்கங்களையும் கவலையின்றி எடுத்துவிடலாம்.

ஆறு மசாலாப் பெயர்களை எடுப்பதற்குத்தான் அக்கா அதிகம் தயங்கினார். மீன் மசாலாவைத் தேடுகிறவர் கோழி மசாலாவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்பது அவருடைய கவலை. ஆனால் மசாலாக் கடை என்று தெரிந்துவிட்டால், உள்ளே வந்து கேட்பதற்கு யாரும் தயங்க மாட்டார்கள். வகைகளின் பட்டியல், வந்து நிற்கும் வாடிக்கையாளருக்கு உதவுவது. அது கடைச் சுவரில் இருக்கட்டும்.

தொடங்கிய ஆண்டு, கடை நேரம், சலுகை விழுக்காடு ஆகியவை பற்றிப் பேச்சே வரவில்லை. அவற்றை அக்காவே அடித்துவிட்டார்.

விநாயகர் படத்தை நான் வேறொரு காரணத்துக்காகவும் எடுக்கச் சொன்னேன். பலகையின் மூலையில் அரை மீட்டருக்குள் அடங்கிய படம் 150 மீட்டரில் ஒரு புள்ளி. அது இருப்பதே தெரியாது. அதோடு, ஒப்பந்தம் முடிந்ததும் அந்த பிளெக்ஸ் துணியைக் கிழித்து இறக்குவார்கள். பிறகு அது எங்கே போய் விழும், எந்தக் கூரையின் ஓட்டையை அடைக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. தெய்வத்தை அப்படிப்பட்ட துணியில் அச்சடிப்பது எனக்கு ஒருபோதும் ஒப்பாது.

வெட்ட வேண்டியதைப் பற்றி அரசும் யோசித்திருக்கிறது. 1998-இல் வெளியான தென்னாப்பிரிக்க வெளிப்புற விளம்பரக் கட்டுப்பாட்டுக் கையேடு, பலகையில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணுக்கும் படத்துக்கும் தகவல் அலகில் ஒரு மதிப்பு கொடுத்துக் கூட்டச் சொல்கிறது. நீளமான சொல்லுக்கும் நீளமான எண்ணுக்கும் மதிப்பு அதிகம். கூட்டுத்தொகைக்கு உச்சவரம்பு உண்டு. சொற்களை எண்ணுவதைவிட இது நல்ல முறை என்பது என் எண்ணம். ஏழு சொல்லுக்குள் எழுது என்ற அறிவுரையை எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மூன்றெழுத்துச் சொல்லும் பதினான்கெழுத்துச் சொல்லும் கண்ணுக்கு ஒரே சுமை அல்ல. தமிழுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும், ஏனென்றால் நம் சொற்கள் விகுதி சேர்ந்து சேர்ந்து நீளும்.

மருமகனின் ஒற்றை வரி

தம்பி மகன் எழுதியது நீளத்தில் தேறிவிடுகிறது. இரண்டு வரியாக மடித்தால் 50 சென்டிமீட்டர் எழுத்தில் நன்றாக அடங்குகிறது. படித்தும் விடலாம். ஆனால் படித்து முடித்த பிறகு ஓட்டுநரிடம் என்ன இருக்கிறது? மாமியாரிடம் எதையோ சொல்லக் கூடாது என்பது தெரிகிறது. என்ன விற்கிறார்கள் என்பது தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளச் சந்தையிலுள்ள மிளகாய்த்தூளின் பெயர் நினைவுக்கு வர வேண்டும், பிறகு அதையும் இந்த வரியையும் முடிச்சுப் போட வேண்டும், பிறகு கீழே சிறிய எழுத்தில் இருக்கும் கடைப் பெயரைத் தேட வேண்டும். இந்த மூன்று படிகளும் ஒரு விநாடிப் பார்வைக்குள் நடக்காது. குறைவாக எழுதியும் பலகை தோற்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சொல்லைக் குறைத்துவிட்டு, மனதுக்குக் கொடுக்கும் வேலையைக் கூட்டிவிடுகிறோம்.

ஆனாலும் இந்த வரைவை நான் எளிதில் தள்ளவில்லை. இந்தச் சாலையில் போகிறவர்களில் பெரும்பாலோர் தினமும் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். இதே பலகையை மாதத்தில் இருபது மாலைகள் பார்ப்பார்கள். முதல் நாள் புரியாதது நான்காம் நாள் புரியும், ஐந்தாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிச் சிரிப்பார்கள். ஆறு மாத ஒப்பந்தமாக இருந்தால், நடுவில் ஒரு பெரிய மிளகாய்க் குவியலின் படமும் இருந்தால், இந்த வரியைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். படம் பொருளைச் சொல்லிவிடும், வரி வேடிக்கையை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அக்காவிடம் இருந்தது ஒரு மாதம். புரட்டாசி விரதம் முடிந்து வீடுகளில் மறுபடியும் ஆட்டிறைச்சிக் கறி கொதிக்கத் தொடங்கும் நாள்களிலிருந்து தீபாவளி வரை. அந்த ஒரு மாதத்தில் முதல் வாரத்தைப் புரியாமல் கழிக்க முடியாது.

பெரியவரின் தமிழ்

பெரியவருடைய வரைவைப் பற்றித்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். டர்பன் நெடுஞ்சாலையோரம் ஆள் உயரத்தில் தமிழ் எழுத்து நிற்பதைப் பார்க்க எனக்கும் ஆசை. 1860-இல் முதல் கப்பல் வந்து இறங்கியதிலிருந்து கோயில் வாசல்களிலும் பள்ளிச் சுவர்களிலும் வீட்டு அழைப்பிதழ்களிலும் காப்பாற்றப்பட்ட எழுத்து அது. இன்று தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி ஆங்கிலம். எழுத்தைக் கண்டால் இது தமிழ் என்று அடையாளம் தெரிகிறவர்கள் மிகப் பலர், கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர். கூட்டிப் படிக்கிறவருக்கும் 80 கிலோமீட்டர் வேகத்தில் நேரம் போதாது.

மொழியை விட்டுவிட்டு, வடிவத்தை மட்டும் பார்த்தாலும் 'நல்வாழ்த்துகள்' இந்தப் பலகைக்குக் கடினமான சொல். அதில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன: ல், ழ், த், ள். புள்ளி எழுத்தின் தலைக்கு மேல் நிற்பதால், வரிக்கு 60 சென்டிமீட்டர் உயரம் கொடுத்தால் அதில் ஒரு பகுதியைப் புள்ளி எடுத்துக்கொள்கிறது. ழ-வின் வாலும் து-வின் வளைவும் கீழே இறங்குவதால் அடியிலும் இடம் போகிறது. எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது 40 சென்டிமீட்டர்கூட இருக்காது. 150 மீட்டரில் புள்ளிகள்தான் முதலில் மறைகின்றன. மறைந்தால் ள்-ளும் ள-வும் ஒன்றாகத் தெரியும். பழகிய கண் சொல்லின் மொத்த உருவத்தை வைத்து ஊகித்துவிடும். பழகாத கண் அங்கேயே நின்றுவிடும்.

'தீபாவளி' அதைவிட எளிது, ஆனால் அதிலும் தீ-யின் சுழியும் ளி-யின் கொக்கியும் மேலே ஏறுகின்றன. மேலும் ஒப்பந்தத்தின் கடைசி நாள்கள் தீபாவளிக்குப் பிறகு விழுந்தால் அந்தச் சொல்லே காலாவதியாகிவிடும்.

இப்படி ஒவ்வொரு சொல்லாக எடுத்துத் தாளில் பெரிதாக வரைந்துகொண்டிருந்தபோது 'மசாலா' கண்ணில் பட்டது. ம, ச, கால், ல, கால். ஐந்தே வடிவங்கள். மேலே புள்ளி இல்லை, கொக்கி இல்லை. கீழே இறங்கும் வாலும் இல்லை. எல்லாம் ஒரே உயரக் கோட்டுக்குள் அடங்குகின்றன. ஆகவே வரிக்குக் கொடுக்கும் உயரம் முழுவதும் எழுத்துக்கே போய்ச் சேரும். 90 சென்டிமீட்டர் கொடுத்தால் 90 சென்டிமீட்டரும் எழுத்து. 6 மீட்டர் அகலத்தில் ஐந்து வடிவங்களும் தாராளமாக உட்காரும். தமிழ்ப் பலகைக்கு எழுதுகிறவர்கள் சொல்லின் பொருளோடு அதன் தலையையும் காலையும் இப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் இருந்தால், மேலும் கீழும் நீட்டாத சொல்லைத்தான் சாலைக்கு எடுக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பலகையில் போடலாமா என்பது. பொதுவாகக் கூடாது என்பேன். இரண்டு எழுத்துமுறையில் இரண்டு வெவ்வேறு செய்திகள் இருந்தால் ஓட்டுநர் எதைப் படிப்பது என்று தேடுவதிலேயே ஒரு பார்வை போய்விடும். ஆனால் இரண்டும் அதே சொல்லாக இருந்தால் நிலைமை வேறு. ஆங்கிலத்திலும் அது மசாலாதான், ஆறே எழுத்து. தமிழ் படிக்கிறவர் மேல் வரியை எடுத்துக்கொள்வார், மற்றவர் கீழ் வரியை எடுத்துக்கொள்வார். யாரும் இரண்டையும் படிக்க வேண்டியதில்லை. தமிழ் தெரியாதவருக்கு மேல் வரி ஒரு படமாக நிற்கும், நம் கடை என்ற அடையாளத்தை அது தந்துவிடும். தனியாக விளக்குப் படமோ தெய்வப் படமோ தேவைப்படாது.

ஏறிய வாசகம்

முடிவில் ஏறியது மூன்று வரைவிலும் இல்லாத நான்காவது. மேலே தமிழில் மசாலா, 90 சென்டிமீட்டரில். அதன் கீழ் ஆங்கிலத்தில் அதே சொல், 50 சென்டிமீட்டரில். அடி வரியில் கடைப் பெயரும், அடுத்த வெளிவழியில் இடப்பக்கம் திரும்பவும் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களும். கடைப் பெயர் ஒரு குறுஞ்சொல் என்பது நம் நல்வாய்ப்பு. அடி வரியும் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வந்தது.

திரும்பச் சொல்லும் அந்த இரண்டு சொற்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பலகைக்கும் வெளிவழிக்கும் நடுவே போதிய தூரம் இருந்தால்தான் அவற்றைப் போடலாம். வலத் தடத்தில் போகிறவர் படித்து, கண்ணாடியைப் பார்த்து, இடத் தடத்துக்கு மாற வேண்டும். இங்கே அரை கிலோமீட்டருக்கு மேல் இருந்தது, அதாவது 22 விநாடிக்கு மேல். 150 மீட்டர் மட்டுமே இருந்திருந்தால் அந்தச் சொற்களை நான் அடித்திருப்பேன். கடைசி நொடியில் தடம் மாற வைக்கும் விளம்பரம் உயிருக்கு உலை வைக்கும். அம்புக்குறி போடும் ஆசையையும் தவிர்த்தோம். பச்சைப் பின்னணியில் வெள்ளை அம்பு சாலைக் குறியீட்டைப் போலவே தோன்றும், அப்படித் தோன்றும் விளம்பரத்துக்கு அனுமதி கிடைக்காது.

நிறத்தில் அக்கா விரும்பியது சிவப்பின் மேல் பச்சை. மிளகாயும் கொத்தமல்லியும் போல இருக்கும் என்றார். கையில் வைத்துப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு நிறங்களுக்கும் வெளிச்ச அளவில் வேறுபாடு மிகக் குறைவு. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பார்த்தால் எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பல் நிறமாகிவிடுகின்றன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்களும் கணிசமானவர்கள். இந்தப் பலகைக்கு இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. வேலை முடிந்து சாட்ஸ்வொர்த் திரும்புகிறவர்கள் மேற்கு நோக்கி ஓட்டுகிறார்கள். அவர்களைப் பார்த்து நிற்கும் பலகையின் முகம் கிழக்கே இருக்கிறது. மாலையில் சூரியன் பலகைக்குப் பின்னால் வந்துவிடுவதால் முகம் நிழலில் கிடக்கும், ஓட்டுநரின் கண்ணோ கூசிக்கொண்டிருக்கும். கூட்டம் அதிகம் போகும் நேரமும் அதுதான். எனவே மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. மசாலாவுக்கு மஞ்சள் பொருந்தாத நிறமும் அல்ல, அக்கா சம்மதித்துவிட்டார்.

அச்சுக்கு அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, செலவே இல்லாதது. 6 மீட்டர் அகலப் பலகை 150 மீட்டரில் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ, அதே அளவுதான் 4 சென்டிமீட்டர் அகலத் தாள் ஒரு மீட்டரில் தெரியும். எனவே வடிவமைப்பை 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வாசகத்தை முன்பே அறியாத ஒருவரை அழைத்து, ஒரு விநாடி காட்டி மறைத்து, மறுபடி ஒரு விநாடி காட்டி மறைக்க வேண்டும். பிறகு என்ன படித்தீர்கள் என்று கேட்கக் கூடாது. என்ன விற்கிறார்கள், கடையின் பெயர் என்ன என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் வந்தால் பலகை ஏறலாம். கணினித் திரையில் முழு அளவில் பார்த்துச் சம்மதம் சொல்வதுதான் பெரும்பாலான பலகைகளைக் கெடுக்கிறது. திரையில் எல்லாமே படிக்கக் கிடைக்கும்.

அக்காவின் பட்டியலும் பெரியவரின் வாழ்த்தும் வீணாகவில்லை. வெளிவழியிலிருந்து இறங்கி வந்தால் கடைக்கு எதிரே ஒரு ரோபோட், அதாவது போக்குவரத்து விளக்கு, இருக்கிறது. சிவப்பு விழுந்தால் வண்டிகள் அங்கே கடைச் சுவரிலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கும். நிற்கும் வண்டிக்கு 10 சென்டிமீட்டர் எழுத்து போதும், நேரமும் இருக்கிறது. ஆறு மசாலாக்களின் பெயரும், கடை நேரமும், ஒரே ஒரு தொலைபேசி எண்ணும் அந்தச் சுவருக்குப் போயின. எல்லாவற்றுக்கும் மேலே, புள்ளிகள் நன்றாகத் தெரியும்படி வரிக்கு இடைவெளி விட்டு, பெரியவர் தம் கையால் எழுதிக் கொடுத்த 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்'. சுவருக்குப் பூசும் வண்ணம் என்பதால், அதை அடுத்த ஆண்டும் வைத்துக்கொள்ளலாம்.